எப்போது சேர முடியும் என்ற கேள்விக்கு வெறும் தேதியைப் பதிலாக எழுதாதீர்கள்

வேலைக்கு ஆள் தேடுபவர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் வரும் முதல் செய்தியில் பெரும்பாலும் மூன்று கேள்விகள் இருக்கும்: நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள், எப்போது சேர முடியும். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள் மூன்றாவது கேள்வியில்தான் அகப்பட்டுக்கொள்கிறார்கள் என்பது என் கருத்து.

ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கும் காவேரிப்பட்டணத்துத் தம்பி ஒருவருக்கு, பெங்களூரு வேலை ஒன்றுக்காக ஜூன் 3 அன்று இந்தச் செய்தி வந்தது. நியமனக் கடிதத்தில் 60 நாள் நோட்டீஸ் என்று இருந்ததால், அன்றிலிருந்து எண்ணி, ஆகஸ்ட் 3 அன்று சேர்வதாக எழுதிவிட்டார். கணக்கு சரிதான், ஆனால் நோட்டீஸ் நாட்கள் ராஜினாமா கொடுத்த பிறகுதான் ஓடத் தொடங்கும், ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் ராஜினாமா கொடுப்பதோ பெரும் ஆபத்து. இரண்டு நேர்காணலும் சம்பளப் பேச்சும் முடிந்து கடிதம் வந்தபோது ஜூன் 24 ஆகிவிட்டது. அன்றே அவர் ராஜினாமா கொடுத்தாலும், மறுநாளிலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 23தான் கடைசி நாள். முதலில் சொன்ன தேதியை நம்பியிருந்த நிறுவனம் அவரை நெருக்கியது.

"நோட்டீஸ் நாட்களைப் பேசிக் குறைக்கலாம்" என்று எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. கேட்டவர் தன் பட்டியலில் 30 நாள் என்று நிரப்பிக்கொள்வார். மீதி நாட்களுக்குப் பணம் கட்டி விலகும் உரிமை நமக்கு இருக்கிறதா, அதற்கு நிர்வாகத்தின் சம்மதம் வேண்டுமா, தொகையை அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிடுவார்களா மொத்தச் சம்பளத்திலா, மிச்சமிருக்கும் விடுப்பைக் கழிப்பார்களா என்பதெல்லாம் நியமனக் கடிதத்தையும் நிறுவன விதிகளையும் பொறுத்தது. எழுத்தில் சம்மதம் வாங்காமல் பாதியில் கிளம்பினால் ரிலீவிங் லெட்டர் நின்றுபோகலாம். பழைய நிறுவனம் பி.எஃப். கணக்கில் விலகிய தேதியாகப் பிந்தைய நாளைப் பதிந்தால், இரண்டு வேலைகளும் ஒரே காலத்தில் இருந்ததாகப் புதிய நிறுவனத்தின் சரிபார்ப்பில் தெரியும்.

ஊரைப் பற்றிய கேள்விக்கு "கிருஷ்ணகிரி" என்று மட்டும் போட்டால், வெளியூர் ஆள், வீடு மாற நாளாகும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஓசூரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர் அதைச் சொல்லவேண்டும். அத்திப்பள்ளியைத் தாண்டினால் எலக்ட்ரானிக் சிட்டி தினமும் போய்வரக்கூடிய தூரம்தான். கிருஷ்ணகிரியிலேயே வீடு என்றால், ஓசூருக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் இருக்கும்போது, தினமும் வருவேன் என்று ஒப்புக்கொள்ளக் கூடாது.

அந்தத் தம்பி இப்படி எழுதியிருக்கலாம்: "ஓசூரில் தங்கியிருக்கிறேன், எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் வர முடியும். நோட்டீஸ் 60 நாள், இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை. ஆஃபர் லெட்டர் கிடைத்த மறுநாளிலிருந்து 60 நாள் முடிந்ததும் சேர்வேன். முன்கூட்டியே விடுவிப்பார்களா என்பதை ராஜினாமா கொடுத்த பிறகே கேட்டுச் சொல்ல முடியும்." 30 நாளில் ஆள் வேண்டும் என்பவர் இதைப் படித்ததும் விலகிவிடுவார்; காத்திருக்கக்கூடியவர் சரியான தேதியைத் தன் நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு நேர்காணலுக்கு அழைப்பார்.