அஞ்சு ஸ்டார் கேட்டு வாசல்ல நிக்காதீங்க

ஏசி சர்வீஸ் முடிச்சு கைகூடக் கழுவல, அதுக்குள்ள கியூஆர் கோடை நீட்டி, "அக்கா, அஞ்சு ஸ்டார் போட்டு நாலு வரி நல்லா எழுதிடுங்க"ன்னா எப்படிப் போடுறது? ஃபில்டரைக் கழட்டிக் குழாய்ல காட்டியாச்சு, சரி. உள்ள இருக்கிற காயில்? தொடவே இல்ல. ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் கடல் உப்புக் காத்துல அரிச்சுப்போற அவுட்டோர் யூனிட்? எட்டிக்கூடப் பாக்கல. டிரெயின் பைப்பை ஊதி விட்டாங்களா? அதுல பாசி அடைச்சிருந்தா நாலு நாள் கழிச்சு சுவத்துல தண்ணி வழியும்போதுதான் தெரியும். அப்புறம் இன்னைக்கே எதை வெச்சு அஞ்சு?

கேட்டா, ரிவ்யூ போட்டா அடுத்த சர்வீஸ்ல நூறு ரூபா தள்ளுபடியாம். சலுகை காட்டி ரிவ்யூ வாங்கக்கூடாதுன்னு கூகுள் விதியிலேயே இருக்கு! "போனைக் கொடுங்கக்கா, நானே போட்டுக்கிறேன்"னு கை நீட்டுறது அதைவிடக் கொடுமை. நம்ம பேர்ல போற சாட்சி அது. அதை நம்பித்தான் பக்கத்துத் தெருக்காரங்க காசு கட்டுவாங்க.

"தம்பி, வேலை சுமார்தான். போட்டா மூணுதான் போடுவேன், காயில் கழுவலன்னும் எழுதுவேன், பரவாயில்லையா?"ன்னு கேட்டதும் முகம் சுருங்குது பாருங்க. கழுவாத காயிலுக்கு முகம் சுருங்கலையே!