ஸ்டியரிங்குக்கு முன்னால் கண்

மகனுக்கு வரும் தை மாதம் 18 முடிகிறது. மறுநாளே எல்எல்ஆர் போடவேண்டும் என்று இப்போதே நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான். "ஆள் நடமாட்டம் இல்லாத ரோடா பார்த்து வண்டிய அவன் கையில குடு, தானா பழகிக்குவான்" என்று சொந்தத்தில் பலரும் சொல்லிவிட்டார்கள். நான் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபிறகு, 18 ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றவர்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அந்தச் சட்டமே இல்லாவிட்டாலும் கொடுத்திருக்கமாட்டேன். கியர் மாற்றக் கை சீக்கிரம் பழகிவிடும். ரோட்டைப் படிக்கக் கண் பழகுவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. அதற்கு ஸ்டியரிங் தேவையே இல்லை, முன்சீட்டு போதும்.

மாதம் ஒருமுறை திருச்சியிலிருந்து மதுரைக்கு அம்மாவைப் பார்க்கப் போகிறோம். போன ஆடியிலிருந்து இவன்தான் முன்சீட்டு, இவன் அப்பா பின்சீட்டு. போனை உள்ளே வைத்துவிட வேண்டும். விராலிமலை தாண்டியதும் துவரங்குறிச்சி வரை, ரோட்டில் என்ன தெரிகிறது, அது அடுத்து என்ன செய்யும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். முதல் தடவை "லாரி போகுது, பைக் போகுது" என்று ஒப்பித்தான். "போகுதுன்னு எனக்கும் தெரியுது. அந்த பைக்காரர் ஏன் தலையத் திருப்பிப் பார்க்கிறார், அதச் சொல்லு" என்றேன். சொல்லி முடிக்கும்முன் அவர் சிக்னல் போடாமல் மீடியன் இடைவெளிக்கு வலதுபக்கம் வெட்டினார். நான் முன்பே காலை எடுத்திருந்ததால் பிரேக் தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு அவன் வண்டிகளைவிட ஓட்டுகிறவர்களின் தலையையும் தோளையும் கவனிக்க ஆரம்பித்தான்.

மூன்றாவது பயணத்தில், கொட்டாம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டவுன் பஸ் நின்றிருந்தது. "அம்மா, பஸ்ஸுக்கு அடியில கால் தெரியுது, முன்பக்கமா நகருது" என்றான். எனக்குத் தெரியவில்லை. என் கண் பஸ்ஸின் வலது இண்டிகேட்டர் மேலேயே இருந்தது. வேகத்தைக் குறைத்தேன். தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பாட்டி பஸ்ஸின் முன்னாலிருந்து வெளியே வந்தார். கட்டு மறைத்ததால் அவருக்கு எங்கள் பக்கம் தெரியவே இல்லை. நின்ற பஸ்ஸைக் கடக்கும்போது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அந்த ஒரு முழ இடைவெளியைப் பார்க்க அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அன்றைக்கு நானே அதைப் பார்க்க மறந்திருந்தேன்.

அடுத்தது இடைவெளி. முன்னால் போகும் வண்டி ஒரு பாலத்தின் நிழலைத் தாண்டும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று நிதானமாக எண்ணவேண்டும். முடிக்கும் முன் நாம் நிழலுக்குள் வந்துவிட்டால் ஒட்டிப்போகிறோம் என்று அர்த்தம். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடிவிடும். முன்னால் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து நம் கால் பிரேக்குக்குப் போவதற்கே கிட்டத்தட்ட ஒரு வினாடி போய்விடுகிறது. வண்டி நிற்கும் தூரம் அதற்கு மேல். மூன்று வினாடி என்றால் 66 மீட்டர் கையிருப்பு. மழை என்றால் ஐந்து வரை எண்ணச் சொல்கிறேன். அவன் என்னை எண்ணிப் பார்த்தபோது இரண்டுகூட வரவில்லை. இருபது வருடமாக ஓட்டுகிறேன், அன்றிலிருந்துதான் தள்ளிப் போகிறேன்.

எல்எல்ஆர் தேர்வுக்கான சைகைப் பலகைகளையும் அட்டையைப் பார்த்து மனப்பாடம் செய்யவிடவில்லை. நீல வட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு இருந்தால் நிறுத்திவிட்டுப் போகக்கூடாது, இரண்டு கோடு குறுக்கே வெட்டினால் ஒரு நொடிகூட நிற்கக்கூடாது. புத்தகத்தில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னான். ஒரு ஆஸ்பத்திரி வாசலில் அவன் அப்பாவை இறக்கிவிடப் போனபோது இரண்டு கோட்டுப் பலகை இருந்தது. நிறுத்தாமல் சுற்றிவந்து, அடுத்த தெருவில் இறக்கிவிட்டோம். அதற்குப் பிறகு குழப்பமே இல்லை.

ஒன்றில் நான் தப்பு செய்தேன். மேலூர் ஊருக்குள் நெரிசலில் போகும்போது கேள்வி கேட்டுக்கொண்டே வந்தேன். பதிலை யோசித்தவன் ரோட்டை விட்டான், அவன் முகத்தைப் பார்த்த நானும் விட்டேன். ஒரு ஆட்டோவை உரசாமல் போனது யார் புண்ணியமோ. இப்போது ஊருக்குள் நுழைந்தால் பாடம் கிடையாது. சந்தேகத்தை டீக்கடையில் வண்டியை நிறுத்தியபிறகுதான் பேசுகிறோம்.

இதுவரை போனதெல்லாம் பகல் பயணம். தீபாவளிக்கு இருட்டியபிறகு கிளம்பலாம் என்றிருக்கிறேன். எதிர்வண்டி ஹைபீம் கண்ணில் அடிக்கும்போது பார்வையை இடதுபக்க வெள்ளைக் கோட்டுக்கு மாற்றுவதையும், லோபீம் வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்குள் நிற்கமுடிகிற வேகம் எது என்பதையும் அவன் முன்சீட்டில் இருந்தே பார்க்கட்டும்.