"சிஸ்டர், ஒரு சின்ன வேலை" என்ற மெசேஜுக்கு என்ன பதில் சொல்வது?

வீட்டிலிருந்தே ஆன்லைனில் பிறருடைய அலுவலக வேலைகளைச் செய்து கொடுக்கும் விர்ச்சுவல் அசிஸ்டெண்ட் பெண்கள் பலர் என்னிடம் சொல்லும் குறை ஒன்றுதான். கிளையன்ட் மாதம் இவ்வளவு என்று பேசி எடுக்கிறார், முதல் மாதம் நன்றாகப் போகிறது, மூன்றாவது மாதத்தில் அவர் வீட்டு கரண்ட் பில் கட்டுவது வரை நம் தலையில் வந்து விழுகிறது. இதற்குத் தீர்வாக எல்லோரும் சொல்வது, "முடியாது என்று சொல்லப் பழகு." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மாதாமாதம் பணம் தருபவரிடம் வாரத்துக்கு நான்கு முறை முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தால் உறவு கெடும். முடியாது என்று சொல்ல வேண்டிய நிலையே வராதபடி ஆரம்பத்தில் கணக்குப் போட்டு வைப்பதுதான் வழி.

கணக்கு என்றால் இரண்டு விஷயம் சேர்ந்ததுதான். என்னென்ன வேலை என்ற பட்டியல் வேண்டும், மாதத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பேசி அதற்கான தொகையை முன்கூட்டியே வாங்கும் ரிடெய்னரும் வேண்டும். மணி நேரம் மட்டும் பேசினால் அதற்குள் எதை வேண்டுமானாலும் திணிக்கலாம் என்று ஆகிவிடும். பட்டியல் மட்டும் இருந்தால், அதில் உள்ள ஒரே வேலை மூன்று மடங்காக வீங்கினாலும் அதே சம்பளம்தான்.

பட்டியலை எப்படி எழுதுகிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. "அப்பாயின்ட்மென்ட் பார்த்துக்கொள்வது" என்று எழுதினால் அந்த வேலைக்கு முடிவே கிடையாது. "திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 11 மணிக்குள், மறுநாள் வருபவர்களுக்கு போன் செய்து உறுதி செய்வது, ஒருவருக்கு அதிகபட்சம் 2 அழைப்பு, எடுக்காதவர்கள் பெயரை ஷீட்டில் குறித்துவிடுவது" என்று எழுதினால் வேலை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். எடுக்காதவர்களை மாலையில் மறுபடி கூப்பிடச் சொன்னால் அது புதிய வேலை என்பதும் தானாகவே விளங்கும்.

அடுத்தது மணிக்கணக்கு. பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் ஒரு உதாரணத்தை முழுதாகவே போட்டுக் காட்டுகிறேன். ஒரு பிசியோதெரபி கிளினிக் என்று வைத்துக்கொள்வோம், மாதம் 22 வேலை நாள். உறுதி செய்யும் அழைப்புகளுக்கு தினம் அரை மணி நேரம், அதாவது மாதம் 11 மணி நேரம். மெயில் பார்த்து விசாரணைகளுக்குப் பதில் போட தினம் கால் மணி நேரம், அது ஐந்தரை. வாரம் ஒருமுறை இன்வாய்ஸ் போட அரை மணி நேரம் வீதம் மாதம் 2. மாதக் கடைசி அறிக்கைக்கு 1. கூட்டினால் 19.5 மணி நேரம் வருகிறது.

இதைப் பார்த்ததும் 20 மணி நேர ரிடெய்னர் என்று கொடுத்துவிடத் தோன்றும். அப்படிக் கொடுத்தால் பட்டியலில் இல்லாத சில்லறை வேலைகளுக்கு மாதம் முழுவதற்கும் மிஞ்சுவது அரை மணி நேரம்தான். ஆனால் சில்லறை வேலை இல்லாத கிளையன்ட் உலகத்தில் இல்லை, அவர் கேட்பதில் தப்பும் இல்லை. உதவிக்கு ஆள் வைப்பதே அதற்கும் சேர்த்துத்தான். அதனால் பட்டியலில் உள்ள வேலை மொத்த நேரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது என் விதி. இந்த கிளினிக்குக்கு நான் 25 மணி நேரம் என்று சொல்வேன். மணிக்கு 400 ரூபாய் என்றால் மாதம் 10,000 ரூபாய், முன்பணமாக. ஐந்தரை மணி நேரம் சில்லறை வேலைக்கு என்று வெளிப்படையாகவே எழுதிக் கொடுப்பேன். 25-ஐத் தாண்டினால் மணிக்கு 500 என்பதும் அதே தாளில் இருக்கும்.

சில்லறை வேலையை அளக்க குறைந்தபட்சம் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இரண்டு நிமிஷ வேலைதானே" என்று வாட்ஸ்அப்பில் வருவது உண்மையில் இரண்டு நிமிடம் இல்லை. கையில் இருந்ததை நிறுத்தி, அவருடைய ஃபைலைத் தேடித் திறந்து, செய்து, பதில் போட்டு, விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். இப்படிப் பத்து மெசேஜ் வந்தால் இரண்டரை மணி நேரம் போய்விடும். இந்த விதி தெரிந்த கிளையன்ட் கேட்க வேண்டியதை எல்லாம் சேர்த்து ஒரே மெசேஜாக அனுப்ப ஆரம்பிப்பார். அதில் அவருக்கும் லாபம்தான்.

நேரத்தை அன்றன்றைக்கே எழுதி வைக்க வேண்டும், கூகுள் ஷீட் போதும். தேதி, வேலை, நிமிடம், அப்புறம் "பட்டியலில் உண்டா, இல்லையா" என்று ஒரு பத்தி. இந்தக் கடைசிப் பத்திதான் நிலவரத்தைக் காட்டும். மொத்த நேரத்தில் 80 சதவீதம் தீர்ந்த அன்றே கிளையன்டுக்குத் தகவல் போக வேண்டும். மாதம் முடிந்தபின் "நேரம் தாண்டிவிட்டது" என்று பில்லை நீட்டினால் யாருக்குமே கோபம் வரும், அது நியாயமான கோபம்.

மேலே சொன்ன கிளினிக்கில் 14-வது வேலை நாளிலேயே 20 மணி நேரம் தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். ஷீட்டைப் பார்த்தால் பட்டியல் வேலைக்குப் போனது 12, சில்லறைக்குப் போனது 8. மீதி 8 நாளின் வழக்கமான வேலைக்கு 7.5 மணி நேரம் வேண்டும், கையில் இருப்பது 5. அந்த நேரம் பார்த்து டாக்டர் மேடம், "முகாமுக்கு ஒரு போஸ்டர் வேணும்" என்கிறார். இப்போது முடியும் என்றும் சொல்ல வேண்டாம், முடியாது என்றும் சொல்ல வேண்டாம். இப்படி எழுதலாம்:

"மேடம், இந்த மாதம் 25-ல் 20 மணி நேரம் முடிந்தது. மீதி நாள்களின் வழக்கமான வேலைக்கு 7.5 மணி நேரம் ஆகும், போஸ்டருக்கு 2. மொத்தம் 4.5 மணி நேரம் கூடுதலாக வேண்டும், ரூ. 2,250. இல்லையென்றால் மாதக் கடைசி வரை மெயிலை கிளினிக்கிலேயே பார்த்துக்கொண்டால், அல்லது போஸ்டரை அடுத்த மாதம் வைத்துக்கொண்டால், ரூ. 1,250 மட்டும். எது வசதி?"

முடிவை அவரே எடுக்கிறார். பெரும்பாலான கிளையன்டுகள் ஏமாற்ற நினைப்பவர்கள் இல்லை. நம் நேரம் எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இந்த மெசேஜைப் பார்த்தபிறகும் "இதுக்கெல்லாம் காசா?" என்று மாதாமாதம் சண்டை போடுபவர் என்றால், ஒப்பந்தத்தில் உள்ள 30 நாள் நோட்டீஸைக் கொடுத்துவிட்டு விலகுவதுதான் நல்லது.

பயன்படுத்தாத நேரத்தை என்ன செய்வது என்றும் கேட்பார்கள். இந்த அளவு ரிடெய்னரில் 3 மணி நேரம் வரை அடுத்த மாதத்துக்குப் போகலாம், அதற்கு மேல் கிடையாது என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். எல்லையில்லாமல் சேர விட்டால் ஒரு மாதம் 40 மணி நேரத்தோடு வந்து நிற்பார். அந்த நேரத்தை நீங்கள் ஏற்கெனவே வேறு கிளையன்டுக்குக் கொடுத்திருப்பீர்கள்.

இந்த முறையில் ஒரு குறையும் இருக்கிறது. வேலை பழகப் பழக நம் கை வேகமாகிறது. அரை மணி நேர இன்வாய்ஸ் இருபது நிமிடத்தில் முடியும், மணிக்கணக்கில் பார்த்தால் அது நமக்கு நஷ்டம். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஷீட்டை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார வேண்டும். மாறாமல் நிலைத்துவிட்ட வேலைகளை மணிக்கணக்கிலிருந்து எடுத்து நிலையான மாத விலைக்கு மாற்றுங்கள். பட்டியலுக்கு வெளியே உள்ள வேலை தொடர்ந்து இரண்டு மாதம் மொத்த நேரத்தில் கால்வாசிக்கு மேல் போயிருந்தால் அந்தப் பட்டியல் பழசாகிவிட்டது. திரும்பத் திரும்ப வந்த வேலைகளை அதில் சேர்த்து, மணி நேரத்தைக் கூட்டி, புதிய தொகை போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.