‘கொல்ல நினைக்கவில்லை’ என்று சொன்னால் கொலைக் குற்றம் போய்விடுமா?

கத்திக்குத்து வழக்கில் தீர்ப்பு வந்த செய்தி வெளியானால் கீழே இரண்டு வகைக் கருத்துகள் தவறாமல் வரும். “ஒரே குத்துதானே, கொல்லணும்னு இருந்தா நாலு குத்து குத்தியிருப்பானே, இதுக்கு ஆயுளா?” என்பது ஒன்று. “ஆள் செத்துட்டான், அப்புறம் என்ன கொலையாகாத மரணம்?” என்பது மற்றொன்று. முதல் ஆள் குத்துகளை எண்ணுகிறார், இரண்டாமவர் பிணத்தை மட்டும் பார்க்கிறார். சட்டம் இரண்டையும் வைத்து முடிவெடுப்பதில்லை. என்ன காயத்தை உண்டாக்க நினைத்துக் கை ஓங்கினான், அந்தக் காயம் எப்படிப்பட்டது என்றுதான் அது கேட்கிறது.

1.7.2024 முதல் நடந்த குற்றங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதா. அதில் 100-வது பிரிவு மரணம் விளைவிக்கும் குற்றத்தைச் சொல்கிறது, 101 எது கொலை என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை 299, 300. வாசகம் பெரும்பாலும் அதேதான் என்பதால் பழைய தீர்ப்புகள் இன்றும் செல்லும். படிக்கும் வரிசை முக்கியம். இவன் செய்த செயலால்தான் அவர் இறந்தாரா? ஆம் என்றால், அது 100-க்குள் வருகிறதா? வருகிறது என்றால், 101-ன் நான்கு வகைகளில் ஒன்றிலாவது விழுகிறதா? விழுந்தால் கொலை, விழாவிட்டால் கொலையாகாத மரணம். அதன் பிறகுதான் திடீர்ச் சண்டை, கடும் ஆத்திரமூட்டல் போன்ற விதிவிலக்குகள். பலர் விதிவிலக்கில் ஆரம்பித்துப் பின்னோக்கி வருகிறார்கள். வாதம் அங்கேயே தடம் புரள்கிறது.

நான்கு வகைகளில் முதலாவதைப் பற்றிச் சண்டையே இல்லை: கொல்ல வேண்டும் என்ற எண்ணம். இரண்டாவது, எதிராளியின் உடலில் உள்ள தனிப்பட்ட பலவீனம் தெரிந்தே அடிப்பது; நோயாளி என்று தெரிந்து, ஆரோக்கியமானவன் தாங்கக்கூடிய அடியை அவனுக்குக் கொடுப்பது. நீதிமன்றத்தில் அதிகம் மல்லுக்கட்டு நடப்பது மூன்றாவதில்தான். குறிப்பிட்ட உடல் காயத்தை உண்டாக்கும் எண்ணம் இருந்து, அந்தக் காயம் இயற்கையின் வழக்கமான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதாக இருந்தால் அது கொலை. மரணத்தை நினைத்தானா என்ற கேள்வி இந்த வகையில் எங்குமே இல்லை. எண்ணம் காயத்தின் மேல்தான் இருக்க வேண்டும்.

இதைத் தெளிவாக்கியது 1958-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த விர்சா சிங் வழக்கு. பஞ்சாபில் 1955 ஜூலையில் நடந்த சம்பவம். ஈட்டியால் ஒரே ஒரு குத்து, அடிவயிற்றின் இடது பக்கம். காயம் வெளியில் பார்க்க 2 அங்குல நீளம், அரை அங்குல அகலம்தான். ஆனால் குடலின் மூன்று மடிப்புகள் வெளியே வந்துவிட்டன. வயிற்று உள்ளுறையில் அழற்சி கண்டு, குத்துப்பட்டவர் சுமார் 21 மணி நேரத்தில் இறந்தார். அந்தக் காயம் இயற்கையின் வழக்கமான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானது என்று மருத்துவர் சாட்சி சொன்னார்.

செஷன்ஸ் நீதிபதியே ‘கொடுங்காயம் உண்டாக்கத்தான் நினைத்தான்’ என்று கண்டார். தற்செயலாகச் சந்தித்தபோது திடீரென்று நடந்தது என்பதை உயர் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. அப்படியும் கொலைக் குற்றம் நின்றது. மேல்முறையீட்டில் வைத்த வாதம் கெட்டிக்காரத்தனமானது: மரணத்துக்குப் போதுமான காயத்தை உண்டாக்க வேண்டும் என்றே அவன் நினைத்தான் என்று அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லையே!

நீதிபதி விவியன் போஸ் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டு, அரசுத் தரப்பு தாண்ட வேண்டிய நான்கு படிகளைச் சொன்னார். முதலில், காயம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அடுத்து, அது எங்கே, எவ்வளவு ஆழம், எந்த உறுப்பு என்று அதன் தன்மையைக் காட்ட வேண்டும். மூன்றாவது, அந்தக் காயத்தைத்தான் உண்டாக்க நினைத்தான், கை தவறியோ வேறு காயத்தை நினைத்தோ அது விழவில்லை என்று காட்ட வேண்டும். நான்காவது, அந்தக் காயம் மரணத்துக்குப் போதுமானதா என்பது. இந்த நான்காவது படியில் குற்றவாளியின் மனதுக்கு இடமே கிடையாது. அது மருத்துவமும் தர்க்கமும் சார்ந்த கேள்வி. குத்தியவனுக்கு உடற்கூறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. வயிற்றில் வேகமாக ஈட்டியை இறக்க நினைத்தான், இறக்கினான். அதன் விளைவு எவ்வளவு மோசம் என்று அவன் கணக்குப் போடவில்லை என்பது அவனைக் காப்பாற்றாது.

‘ஒரே குத்து’ வாதம் ஏன் தவறு என்பதற்கு இதைவிட நல்ல வழக்கு தேவையில்லை. ஆனால் ஒரே குத்துதான் ஒருவரைக் காப்பாற்றிய வழக்கும் உண்டு, 1968-ல் ஹர்ஜிந்தர் சிங் வழக்கு. ஒருவனோடு சண்டை. இடையில் தடுக்க வந்தவர் குனிந்த நிலையில் இருந்தபோது கத்தி இடது தொடையில் விழுந்தது. அங்கே ஓடும் பெரிய தமனியும் சிரையும் அறுபட்டு உயிர் போனது. காயம் மரணத்துக்குப் போதுமானதுதான், நான்காவது படியில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆட்கள் அசைந்துகொண்டிருந்த அந்தக் கைகலப்பில், தொடையின் அந்த இடத்தில் அந்தக் காயத்தைத்தான் உண்டாக்க நினைத்தான் என்று சொல்ல முடியவில்லை. வழக்கு மூன்றாவது படியில் உடைந்தது. கொலைக் குற்றம் நீங்கி, அதற்குக் கீழான பிரிவில் தண்டனை கிடைத்தது. இங்கும் அங்கும் குத்து ஒன்றுதான். முடிவை மாற்றியது கத்தி போய்ச் சேர்ந்த இடத்துக்கும் அவன் எண்ணத்துக்கும் இடையிலிருந்த தொடர்பு.

எண்ணத்தை யாரும் மண்டையைத் திறந்து பார்க்க முடியாது. ஆயுதம் என்ன, கையோடு கொண்டுவந்ததா அங்கே கிடந்ததை எடுத்ததா, எந்த இடத்தில் ஓங்கினான், எவ்வளவு விசை, எதிராளி நின்றாரா விழுந்து கிடந்தாரா என்பவற்றிலிருந்துதான் அது தெரியும். குத்துகளின் எண்ணிக்கை இந்தப் பட்டியலில் ஒன்று, அவ்வளவுதான். சில தீர்ப்புகளில் ‘ஒரே அடி, ஆகவே கொலையாகாத மரணம்’ என்று ஒரு வரியில் தாண்டிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. முடிவு சரியாகக்கூட இருக்கலாம், காரணம் சொல்லப்படவில்லை.

‘போதுமானது’ என்பதற்கும் ‘ஏற்படக்கூடும்’ என்பதற்கும் உள்ள தூரத்தை 1876-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் கோவிந்தா வழக்கில் அளந்து வைத்தது. 18 வயதுக் கணவன், 15 வயது மனைவி. அவளை உதைத்துக் கீழே தள்ளி, மார்பில் ஒரு முழங்காலை வைத்து, மூடிய முஷ்டியால் முகத்தில் இரண்டு மூன்று முறை குத்தினான். மூளையில் ரத்தம் கசிந்து இறந்தாள். நீதிபதிகளிடையே எழுந்த கருத்து வேறுபாட்டால் தன்னிடம் வந்த வழக்கை நீதிபதி மெல்வில் இப்படிப் பார்த்தார்: அந்தக் காயத்தால் மரணம் ஏற்படக்கூடும், ஆனால் வழக்கமாக மரணத்தில்தான் முடியும் என்று சொல்லும் அளவு அது இல்லை. எனவே கொலை இல்லை. பிழைக்க வாய்ப்பு இருந்தும் சாகக்கூடும் என்றால் 100. சாவதே எதிர்பார்க்கத்தக்கது, பிழைப்பதுதான் அதிசயம் என்றால் 101. எல்லாம் வாய்ப்பின் அளவில் உள்ள வித்தியாசம்.

நடைமுறையில் வழக்குகள் பிசகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். போஸ்ட்மார்ட்டம் சான்றிதழில் ‘காயத்தால் ஏற்பட்ட அதிர்ச்சி, ரத்தப்போக்கு காரணமாக இறந்திருக்கிறார்’ என்று இருக்கும். அது மரணத்தின் காரணம் மட்டுமே. அந்தக் காயம் வழக்கமான போக்கில் மரணத்துக்குப் போதுமானதா என்பது தனிக் கேள்வி. மருத்துவர் கூண்டில் ஏறும்போது அரசு வழக்கறிஞர் அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஐந்து காயங்கள் இருந்தால் தனியாக எது போதுமானது, சேர்ந்தால் போதுமானதா என்றும் கேட்க வேண்டும். கைப்பற்றிய ஆயுதத்தை அவரிடம் காட்டி, இந்தக் காயம் இதனால் ஏற்பட முடியுமா என்றும் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இந்த ஓட்டையைத்தான். ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து சீழ் வைத்து இறந்த வழக்குகளில் இது இன்னும் முக்கியம். சரியான சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்ற வாதத்தைச் சட்டத்தின் விளக்கமே ஏற்பதில்லை. ஆனால் அந்தச் சீழ் காயத்தின் நேரடி விளைவா, இடையில் வேறு ஏதாவது புகுந்ததா என்று மருத்துவர் சொல்லியாக வேண்டும்.

நான்காவது வகை தெரிந்திருத்தல் பற்றியது. யாரையும் குறிவைக்காமல், காயப்படுத்தும் எண்ணமும் இல்லாமல், ஆனால் அநேகமாக மரணம் நிச்சயம் என்று தெரிந்தே ஒரு காரியத்தைச் செய்வது. கூட்டத்துக்குள் பீரங்கியால் சுடுவது சட்டமே தரும் உதாரணம். இதில் ஒரு வார்த்தையைப் பலர் கவனிப்பதில்லை: அந்த ஆபத்தை உண்டாக்க ‘எந்தக் காரணமும் இல்லாமல்’ செய்திருக்க வேண்டும். 1940-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த தீராஜியா வழக்கில் ஒரு கிராமத்துப் பெண், கணவனின் கொடுமைக்குப் பயந்து இரவில் கைக்குழந்தையோடு வீட்டை விட்டுப் போகிறாள். பின்னால் காலடிச் சத்தம், கணவன் வருகிறான். பதறிப்போய்க் குழந்தையோடு பக்கத்துக் கிணற்றில் குதிக்கிறாள். குழந்தை இறந்தது, அவள் பிழைத்தாள். குழந்தையைக் கொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. கிணற்றில் விழுந்தால் குழந்தை சாகும் என்பது தெரியாமல் இருக்க முடியாது. ஆனால் அந்த நொடியின் பீதி ஒரு காரணம்தான் என்று நீதிமன்றம் ஏற்றது. எனவே கொலை இல்லை, அதற்குக் கீழான குற்றம்.

குடித்துவிட்டுக் கார் ஓட்டி நடைபாதையில் படுத்திருந்தவர்களை ஏற்றும் வழக்குகளும் தெரிந்திருத்தல் என்ற கேள்வியில்தான் நிற்கின்றன. வெறும் கவனக்குறைவு என்றால் 106-வது பிரிவு. ஆபத்து தெரிந்தே ஓட்டினான் என்றால் கொலையாகாத மரணத்துக்குத் தண்டனை சொல்லும் 105, பழைய சட்டத்தில் 304. 2006-ல் மும்பையில் ஏழு பேர் இறந்த வழக்கில் பழைய 304-ன் இரண்டாம் பகுதியில் கொடுத்த தண்டனையை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

கொலை இல்லை என்று முடிவான பிறகும் எண்ணமா, தெரிந்திருத்தலா என்ற கேள்வி விடாது. 105-க்குள்ளேயே இரண்டு படிகள். மரணத்தையோ, மரணம் ஏற்படக்கூடிய காயத்தையோ உண்டாக்கும் எண்ணம் இருந்தால் ஆயுள், அல்லது ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் பத்து ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். பழைய சட்டத்தில் இந்தக் குறைந்தபட்ச ஐந்து ஆண்டு கிடையாது. தெரிந்திருத்தல் மட்டும் என்றால் பத்து ஆண்டு வரை, குறைந்தபட்சம் எதுவும் இல்லை. அரிவாளால் கழுத்தில் வெட்டியது எண்ணத்தோடுதான் என்று ஒரு பத்தியில் எழுதிவிட்டு, திடீர்ச் சண்டை என்ற விதிவிலக்கைக் கொடுத்து, கடைசியில் இரண்டாம் படியில் தண்டனை விதிக்கும் தீர்ப்புகள் வரத்தான் செய்கின்றன. விதிவிலக்கு கொலையைத்தான் கீழே இறக்கும், எண்ணத்தை அழிக்காது. அப்படிப்பட்ட வழக்கு முதல் படியில்தான் நிற்க வேண்டும். இனி அங்கே ஐந்து ஆண்டுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு வழியில்லை என்பதால், இந்தத் தவறான இடமாற்றம் மேல்முறையீட்டில் முன்பைவிட அதிகமாகக் கேள்விக்கு வரும்.