மூன்று நிமிடத்தில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி

வெள்ளவத்தையில் எங்கட ஒழுங்கைக்குப் புது வடிகான் குழாய் போடப் போகிறார்கள். அதற்காகக் கூட்டம் வைத்து ஆளுக்கு மூன்று நிமிடம் தந்தார்கள். பலர் அதைக் கோபத்திலேயே முடித்தார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் "மழைக்கு நாங்கள் படுற பாடு உங்களுக்குத் தெரியுமா" என்றால் அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அதற்கு அவர் என்ன பதில் எழுதுவது?

பக்கத்து வீட்டு ரீச்சர் மட்டும் திட்டப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழும்பினார். "இரண்டாம் தாளில் காலி வீதிப் பக்கம் 600 மில்லிமீற்றர் குழாய். கீழே கடல் பக்கம் 450. மேலே இருந்து வாற தண்ணியோட எங்கட வீட்டுத் தண்ணியும் சேர்ற இடத்தில குழாய் ஏன் சிறுத்தது?"

அரை அடி வித்தியாசம்தானே என்றார் பொறியியலாளர். அந்தப் பதிலை ரீச்சர் எதிர்பார்த்தே வந்திருந்தார். விட்டம் கால்வாசி குறைந்தால் குழாயின் வாய்ப் பரப்பு 56 சதவீதமாகிவிடும். சரிவு ஒன்றாக இருந்தால், நிறைந்து ஓடும்போது போகிற தண்ணீர் பாதிக்கும் குறைவு. சரிவைக் கூட்டினால் ஈடுகட்டலாம், ஆனால் அதே தாளில் இரண்டு பகுதிக்கும் ஒரே சரிவுதான் போட்டிருந்தது. பிறகு ஒரே ஒரு படத்தைக் கொடுத்தார்: வெள்ளம் நின்ற அன்று கேற் தூணில் அளவு நாடாவை வைத்து எடுத்தது, பின்னால் திகதியும் வீட்டிலக்கமும். "ஒன்றில் கடைசி வரை 600 போடுங்கோ, இல்லாட்டி 450 காணும் என்ற கணக்கை எழுத்தில தாங்கோ." அவ்வளவுதான்.

தூசி, பார்க்கிங், புது அப்பார்ட்மென்ட்கள் எதையும் அவர் தொடவில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் நாலு குறையை அடுக்கினால், சுலபமான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்ற மூன்றையும் தாண்டிப் போய்விடுவார்கள்.

இன்னொன்று, கொழும்பில் தமிழில் பேசுகிறவருக்குத் தெரிந்த சங்கடம். ஒவ்வொரு வசனத்தையும் சிங்களத்தில் மாற்றிச் சொல்லும் வரை மணிக்கூடு நிற்காது. மூன்று நிமிடம் ஒன்றரையாகிவிடும். (தமிழும் அரச கரும மொழிதான், அந்தச் சண்டையை வேறொரு நாள் பிடிப்போம்.) ரீச்சர் பேச்சை ஒரு பக்கத்தில் இரண்டு மொழியிலும் எழுதி முன்கூட்டியே கொடுத்து, தன் பிரதியில் திகதி முத்திரையும் வாங்கியிருந்தார். மறுநாள் "அப்படி யாரும் கேட்கவில்லை" என்று சொல்ல முடியாது.

பெரிய திட்டங்களிலும் எழுத்துக்குத்தான் கனம். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் கருத்துக்காக 30 நாள் திறந்திருக்கும். கூட்டம் வைப்பது அனுமதி தரும் நிறுவனத்தின் விருப்பம்.

எங்களுக்கு அந்தக் கணக்கு இன்னும் வரவில்லை. அடுத்த கிழமை 2016ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுகிறோம். தருவதா மறுப்பதா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கையெழுத்து வைக்க விரும்புகிற ஒழுங்கைக்காரர் ரீச்சர் வீட்டுக்கு வாங்கோ.