மயங்காத நோயாளியும் ஆரஞ்சு நிறச் சிறுநீரும்

முதுகெலும்புக் காசநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. குறுகிய குழாய்க்குள் படுக்க அஞ்சியதால், ஒரு மணி நேரத்துக்கு முன்பே மிடாசோலம் என்ற மயக்க மருந்தை 7.5 மி.கி. மாத்திரையாகக் கொடுத்திருந்தார்கள். அவர் கொட்டாவிகூட விடவில்லை. இன்னொரு மாத்திரை கொடுத்தும் பலன் இல்லை. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவருடைய மனைவியிடம் தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்கப்பட்டுக்கொண்டிருந்தது: "அவருக்குக் குடிப்பழக்கம் உண்டா? எங்களிடம் மறைக்க வேண்டாம்." அந்த அம்மாள் தலைகுனிந்து நின்றார். கணவர் வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை என்பது பிறகு தெரிந்தது.

கட்டிலின் ஓரத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தேன். உள்ளே இருந்தது ஆரஞ்சு நிறம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினை உட்கொள்பவர்களின் சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாமே அந்த நிறத்துக்கு மாறும் என்பதை மருத்துவம் படித்த அனைவரும் அறிவோம். ஆனால் அந்த நிறம் மயக்க மருந்தைப் பற்றியும் ஒரு செய்தி சொல்கிறது என்பதை நாங்கள் அவ்வளவு எளிதில் நினைத்துப் பார்ப்பதில்லை. வார்டின் மருந்துத் தாளில் ரிஃபாம்பிசின் என்ற பெயரே இல்லை. ஏழு வாரமாக அவர் விழுங்கி வந்தது ரிஃபாம்பிசின் உட்பட நான்கு மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரை. அது தனியாக ஒரு சிகிச்சை அட்டையில் பதிவாகியிருந்தது, மாத்திரைகள் அவருடைய பையிலேயே இருந்தன.

உடலுக்குள் நடந்தது இதுதான். ரிஃபாம்பிசின் கல்லீரலிலும் குடல் சுவரிலும் உள்ள செல்களைத் தூண்டி, சிஒய்பி3ஏ4 என்ற நொதியை வழக்கத்தைவிடப் பல மடங்கு உற்பத்தி செய்ய வைக்கிறது. மிடாசோலத்தைச் சிதைப்பது அதே நொதிதான். வாய்வழியாகக் கொடுத்த மாத்திரை முதலில் குடல் சுவரைக் கடக்க வேண்டும், பிறகு கல்லீரலைக் கடக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மூளைக்குப் போகும் இரத்தத்தில் கலக்க முடியும். சாதாரண மனிதரிடமே இந்த இரண்டு சுங்கச்சாவடிகளில் பாதிக்கும் மேல் பறிபோய்விடுகிறது. 1996இல் பின்லாந்து ஆய்வாளர்கள் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஐந்து நாள் தினமும் 600 மி.கி. ரிஃபாம்பிசின் கொடுத்துவிட்டு மிடாசோலம் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் சேர்ந்த மொத்த அளவு 96 சதவீதம் குறைந்திருந்தது. அந்தக் கணக்கை நம் நோயாளிக்குப் பொருத்தினால், 7.5 மி.கி. விழுங்கியவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 0.3 மி.கி. விழுங்கிய பலன். இரண்டு மாத்திரை சேர்ந்தாலும் 0.6. கொட்டாவி எங்கிருந்து வரும்?

"அப்படியானால் இருபத்தைந்து மடங்கு கொடுத்துவிடலாமே" என்று ஓர் இளம் மருத்துவர் என்னிடம் பாதி விளையாட்டாகக் கேட்டார். கணக்கு சரிதான், செயல் மிகத் தவறு. அந்த 96 என்பது சராசரி. ஒருவருக்கு 90 ஆகவும் இன்னொருவருக்கு 98 ஆகவும் இருந்தால், எஞ்சி இரத்தத்துக்குப் போகும் அளவு ஐந்து மடங்கு வேறுபடும். குறைப்பு 90 சதவீதம் மட்டுமே உள்ளவர் இருபத்தைந்து மடங்கு டோஸை விழுங்கினால், அவருடைய மூச்சுக்கு நான் பொறுப்பேற்கத் தயாராக இல்லை.

நாங்கள் செய்தது எளிது. நரம்பு வழியாக மிடாசோலம் 1 மி.கி. செலுத்தி, இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, மீண்டும் 1 மி.கி. கொடுத்தோம். இரண்டாவது முடிந்ததும் கண்கள் செருகின. நரம்பு வழியே போகும் மருந்து குடல் சுவரையும் கல்லீரலையும் கடக்காமல் நேராக மூளைக்குப் போவதால், முதல் பலன் கிட்டத்தட்ட வழக்கம்போலவே இருக்கும். கல்லீரல் அதை வெளியேற்றும் வேகம் சுமார் இரண்டு மடங்காவதால், தெளிவு சற்று முன்னதாக வரலாம். தொடர்ச்சியாக டிரிப்பில் விடும்போதுதான் அந்த வேகம் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் அதே வேகத்தில் விட்டாலும் இரத்தத்தில் நிற்கும் அளவு பாதியாகிவிடும்.

இந்த வேறுபாடே படுக்கையருகில் ஒரு சோதனையாகவும் பயன்படுகிறது. நெடுநாள் குடியாலோ தூக்க மாத்திரையாலோ மூளை மரத்துப் போனவருக்கு, நரம்பு வழியாகக் கொடுக்கும் முதல் டோஸும் வலுவிழந்துதான் தெரியும். மருந்து இரத்தத்தில் இருக்கும், மூளை மதிக்காது. நொதித் தூண்டலில் மூளை சரியாகவே இருக்கிறது, மருந்துதான் வந்து சேர்வதில்லை. மாத்திரை அறவே பலிக்காமல், ஊசி வழக்கம்போல் பலித்தால், சந்தேகப்பட வேண்டியது நோயாளியின் பழக்கத்தை அல்ல, அவருடைய மருந்துப் பட்டியலை. ரிஃபாம்பிசினை நேற்றுத்தான் தொடங்கினார் என்றால் மட்டும் அதன்மேல் பழி போட முடியாது. நொதி பெருக நாட்கள் ஆகும், முழு வேகத்துக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் தேவை. கார்பமாசிபைன், பினைட்டாயின், பினோபார்பிட்டால் ஆகிய வலிப்பு மருந்துகளும், மனச்சோர்வுக்காகப் பலர் தாமாகவே வாங்கி விழுங்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையும் இதே வேலையைச் செய்யக்கூடியவை.

எல்லா மருந்தும் ஒரே அளவு தோற்பதில்லை. மிடாசோலத்தின் இனத்தைச் சேர்ந்த லோராசெபாம் வேறு பாதையில் வெளியேறுவதால் அதன் இழப்பு மிடாசோலத்தின் அளவுக்கு இருக்காது. வாய்வழி மாத்திரைதான் வேண்டும் என்றால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். தூக்கத்துக்குத் தரும் சோல்பிடெம், சோபிக்ளோன் இரண்டும் ரிஃபாம்பிசினிடம் வெகுவாக அடிபடுகின்றன.

இதுவரை சொன்னது பலன் குறையும் கதை. எனக்கு உண்மையில் அச்சம் தருவது அதன் மறுபக்கம். காசநோய்ச் சிகிச்சையில் இருந்த ஒரு முதியவளுக்குத் தூக்கமே வரவில்லை என்று சோபிக்ளோன் டோஸை இரண்டு மடங்காக்கியிருந்தார்கள். அவரும் ஓரளவு தூங்கினார். ஆறு மாதம் முடிந்தது, ரிஃபாம்பிசின் நின்றது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. தூக்க மாத்திரையை மட்டும் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூடுதலாக உருவான நொதி ஒரே நாளில் மறைவதில்லை; ஏறத்தாழ இரண்டு வாரத்தில் படிப்படியாகப் பழைய அளவுக்கு வரும். பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணியாகியும் அவரை எழுப்ப முடியவில்லை, எழுந்து நடந்தபோது குளியலறை வாசலில் விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இடுப்பு எலும்பு தப்பியது வெறும் அதிர்ஷ்டம். அவர் விழுங்கிய மாத்திரையின் அளவு மாறவே இல்லை. அதைத் தின்றுகொண்டிருந்த நொதிதான் குறைந்துபோயிருந்தது.

நொதியின் வேகத்தை ஈடுகட்ட ஒரு மருந்தின் டோஸைக் கூட்டுகிறவர், அதே கையால் அதைக் குறைக்கும் நாளையும் எழுதிவைக்க வேண்டும் என்பது என் கருத்து. கூட்டியவர் ஒருவர், ரிஃபாம்பிசினை நிறுத்துகிறவர் இன்னொருவர், இரண்டையும் அறிந்திருப்பது நோயாளியின் கைப்பை மட்டுமே என்ற நிலையில், நினைவாற்றலை நம்புவது வீண். நான் இப்போது சிகிச்சை அட்டையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதிக் கொடுக்கிறேன்: "ரிஃபாம்பிசின் நிறுத்திய முதல் வாரத்திலேயே தூக்க மாத்திரையின் அளவை மருத்துவரிடம் மறுபரிசீலனை செய்ய வேண்டும்." அதை வீட்டில் உள்ளவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.