அக்காவுக்கு பாஸ்போர்ட், தம்பிக்குக் கிடையாது

திருச்சிப் பக்கம் உள்ள ஒரு இலங்கை அகதிகள் முகாமில் மாலை நேரங்களில் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போவேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, தம்பி. இருவரும் ஒரே அரசு மருத்துவமனையில் பிறந்தவர்கள். அக்கா 1985 நவம்பர், தம்பி 1988 மார்ச். அக்கா இந்தியக் குடிமகள். தம்பி சட்டத்தின் கண்ணில் "சட்டவிரோதமாகக் குடியேறியவர்". பிறந்த மண்ணை விட்டு ஒரு நாளும் வெளியே போகாதவன் எங்கிருந்து குடியேறினான்?

காரணம் ஒரு தேதி. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அன்று முதல் பிறந்தவருக்கு அப்பாவோ அம்மாவோ இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகிவிட்டது. பெற்றோரில் ஒருவர் குடிமகன் என்றால் மட்டும் போதாது, மற்றவர் "சட்டவிரோதக் குடியேறி"யாகவும் இருக்கக் கூடாது. அதனால் அக்கா குடிமகள்தான், ஆனால் அவர் பிள்ளைகள் குடிமக்கள் இல்லை. அவர் கணவரும் படகில் வந்தவர்.

1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய், 2022 ஆகஸ்டில் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கினார். 2024இல் ஓட்டும் போட்டார். அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் இந்த அக்காவும் விண்ணப்பித்தார்.

பலர் கேட்கிறார்கள், இலங்கைக்காரர்கள்தானே, அங்கே போய்க் கேட்க வேண்டியதுதானே என்று. இந்தக் குடும்பம் யாழ்ப்பாணம் அல்ல, மலையகம். தாத்தா நுவரெலியாப் பக்கம் லயம் என்ற வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளி. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவரிடம் அப்பாவின் பிறப்புப் பதிவைக் கேட்டது. தோட்டத்தில் அந்தக் காலத்தில் யார் பதிந்து வைத்தார்கள்? அவரைப் போல லட்சக்கணக்கானவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்கள் போட்ட சிரிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரை இரண்டு நாடுகளும் பங்கு பிரித்தன: 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை, மீதி 1,50,000 பேர் பிறகு. அந்த மீதியை 1974இல் பாதிப் பாதியாக வைத்துக்கொண்டார்கள். தாத்தா இந்தியாவைக் கேட்டு விண்ணப்பித்தார். பதில் வரும் முன் 1983 கலவரம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு தலைமன்னார்-ராமேஸ்வரம் கப்பலும் நின்றது. ஒப்பந்தப்படி கப்பலில் தாயகம் திரும்பியோராக இறங்கியிருக்க வேண்டிய குடும்பம், மீன்பிடிப் படகில் அகதியாக வந்து இறங்கியது. அந்த விண்ணப்ப ரசீதை அவர்கள் இன்னும் பாலித்தீன் பைக்குள் வைத்திருக்கிறார்கள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருக்கிறது, முத்திரை மட்டும் தெரிகிறது.

பள்ளிக்கூடத்தைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் முகாம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறந்தே இருக்கிறது. சிக்கல் அதற்கு அப்புறம். தம்பியின் டி.சி.யில் நாடு என்ற இடத்தில் "இலங்கை" என்று இருக்கிறது. சிவில் டிப்ளமோ முடித்தான். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவே வழி இல்லை. ஒரு தனியார் நிறுவனத்தில் நேர்காணல் வரை போய், பாஸ்போர்ட் கேட்ட இடத்தில் முடிந்தது. இன்று பெயிண்ட் அடிக்கிறான். கட்டட வரைபடம் படிக்கத் தெரிந்தவன், அதே கட்டடத்தின் சாரத்தில் நிற்கிறான். வெளியூர் வேலை என்றால் அனுமதி வாங்க வேண்டும், ஆள் கணக்கெடுக்கும் ரோல் கால் அன்றைக்கு முகாமில் இருக்க வேண்டும். மேஸ்திரி எத்தனை தடவை பொறுப்பார்? இப்போது என்னிடம் படிக்கும் பையன்கள், "சார், அண்ணன் படிச்சு என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்கள். பத்தாவதோடு நிற்பவர்கள் அதனால்தான் நிற்கிறார்கள்.

நீண்ட காலம் வாழ்ந்ததை வைத்து இயல்புரிமை வழியில் குடியுரிமை கேட்கலாமே என்றால், அந்தக் கதவில்தான் பூட்டு. "சட்டவிரோதக் குடியேறி" என்ற பெயர் இருக்கும் வரை எத்தனை வருடம் வாழ்ந்தாலும் கணக்கில் வராது. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இதே மாதிரி மலையகக் குடும்பங்கள் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களின் விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாடுகள் இருந்தன, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு ஆவணம் இல்லாத குற்றத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள். நல்லது. ஆனால் அது தண்டனையிலிருந்து விலக்கு. குடியுரிமை இல்லை.

நான் கேட்பது சலுகை அல்ல. 1964இல் இந்தியா கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட கணக்கில் மிச்சம் இருப்பவர்கள் இவர்கள். ஒப்பந்தத்தின்கீழ் விண்ணப்பித்தவர்களையும் அவர்கள் வாரிசுகளையும் "சட்டவிரோத" என்ற வரையறையிலிருந்து எடுங்கள். ரசீது உள்ளவர்களிடமிருந்து முதலில் தொடங்குங்கள். தாத்தா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. தம்பியின் மகள் வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர்கிறாள்.